சாப்பிட்டு எழுந்ததும் என்ன சொல்வது? தோழி வீட்டுச் சமையலைப் பாராட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். மாசி மாதம், அறுவடை முடிந்த சமயம். அங்கே இருக்கும் என் தோழி வீட்டில் மதியம் சாப்பிட்டேன். சுண்டைக்காய் வத்தக்குழம்பு, வாழைப்பூ பருப்பு உசிலி, பருப்பு ரசம், சுட்ட அப்பளம், மோர், நார்த்தங்காய் ஊறுகாய். விருந்து என்று சொல்ல முடியாது, நல்ல வீட்டுச் சாப்பாடு, அவ்வளவுதான். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலும் அந்த ஒரு சாப்பாட்டையே சுற்றி வந்திருக்கிறேன்.

"சாப்பாடு சூப்பர்"னு சொல்லிட்டேன். அவ சிரிச்சா, ஆனா முகத்துல ஒண்ணும் தெரியலை. அது போதாதா?

போதாது. பாதி சாதத்தை இலையிலேயே விட்டுப் போனவரும் அதையேதான் சொல்லியிருப்பார். சமைத்தவருக்கு அது "போயிட்டு வரேன்" மாதிரி ஒரு மரியாதை வார்த்தை. காதில் விழும், உள்ளே போகாது.

சமைத்தவர் காலையிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்தோடும் ஒரு பேச்சு நடத்தியிருக்கிறார். குழம்பு சுண்டியதா, ரசம் கொதித்துவிட்டதா, உசிலி உதிர்ந்ததா என்று எல்லாம் அவர் மனதில் தனித்தனியாக இருக்கிறது. நீங்கள் மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கையில் கொடுத்தால், அவர் எதை எடுத்துக்கொள்வது? நான் வைத்திருக்கும் சோதனை இது: இலையில் உட்காராமலே சொல்லக்கூடிய வார்த்தையாக இருந்தால், அதைச் சொல்லாதீர்கள்.

அப்போ எதைத்தான் சொல்றது? எனக்கு அடுப்பு பத்த வைக்கவே சரியா வராது.

சமைக்கத் தெரிய வேண்டாம். சாப்பிடும்போது உங்கள் கை எதன் பக்கம் இரண்டாவது தடவை போனது என்று பார்த்தால் போதும். நாக்கு பொய் சொன்னாலும் கை சொல்லாது. குழம்புச் சாதம் முடிந்து ரசத்துக்குப் போன பிறகும், ஓரத்தில் கிடந்த உசிலியை எடுத்து வாயில் போட்டீர்களா? அதுதான் உங்கள் பேச்சுக்கு விஷயம்.

அடுத்து, அது வாயில் என்ன செய்தது என்று சாதாரணப் பேச்சில் சொல்லுங்கள். "உதிரி உதிரியா இருந்துச்சு", "புளிப்பு முதல்ல தெரியலை, முழுங்கினப்புறம்தான் தெரிஞ்சுது". சமையல் வார்த்தை தேட வேண்டாம். அதைக் கேட்டதும் அது எந்த வேலையால் வந்தது என்று அவருக்கே தெரிந்துவிடும். மீதிக் கதையை அவரே சொல்வார், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கொஞ்சம் விவரமா, அந்தச் சாப்பாட்டையே வச்சுச் சொல்லுங்களேன்.

வாழைப்பூவில் ஆரம்பிப்போம், ஏனென்றால் அதில் வேலை அதிகம், கண்ணுக்குத் தெரிவது குறைவு. பூவின் மடலை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பூக்களில் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டை எடுத்துப்போட வேண்டும். ஒன்று, தலையில் குண்டூசி மாதிரி கொண்டை வைத்த விறைப்பான நரம்பு. அது வேகாது. இன்னொன்று, அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித்தாள் மாதிரியான சின்ன இதழ். ஒரு பூவை ஆய்ந்து முடிக்க முக்கால் மணி நேரம் சாதாரணமாகப் போகும், விரலெல்லாம் கறை. நறுக்கியதை உடனே மோர் கலந்த தண்ணீரில் போடவில்லை என்றால் கறுத்துவிடும். நூறு பூவில் இரண்டு நரம்பு தப்பினால்கூட ஒன்று யார் பல்லிலாவது மாட்டும்.

அன்றைக்கு ஒன்றுகூட மாட்டவில்லை. கை கழுவிவிட்டு வந்து நான் சொன்னது இவ்வளவுதான்: "ஏண்டி, உசிலி ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன், ஒரு நரம்பு பல்லுல மாட்டலையே." அவள் உடனே, "நேத்து ராத்திரி சீரியல் பார்த்துக்கிட்டே உக்காந்து ஆய்ஞ்சேன், கண்ணு போயிடுச்சு" என்றாள். ருசியாக இருந்தது என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

உசிலியில் இன்னொரு பாதி பருப்பு. ஊறவைத்த துவரம்பருப்பை மிளகாயோடு தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, வெந்த பூவோடு எண்ணெயில் புரட்டுவார்கள். நைசாக அரைத்துவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். எண்ணெய் குறைந்தால் தொண்டையை அடைக்கும். ஆக "உதிரியா இருந்துச்சு, ஆனா தொண்டையில நிக்கலை" என்று நீங்கள் சொன்னால், ஒரே வாக்கியத்தில் இரண்டு இடத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

வத்தக்குழம்புக்கு வருவோம். சுண்டைக்காய் வத்தலை நல்லெண்ணெயில் கருகாமல் பொரித்து எடுப்பது ஒரு கண்டம். தாளிப்பில் வெந்தயம் சிவக்க வேண்டும், கறுக்கக் கூடாது. பொடியை எண்ணெயில் போட்டு உடனே புளித்தண்ணீரை ஊற்ற வேண்டும், அரை நிமிஷம் தாமதித்தால் பொடி தீய்ந்த வாடை வந்துவிடும். அப்புறம் பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை சுண்ட வேண்டும். அவசரப்பட்டால் புளி தனியாக நிற்கும். சிலர் அரிசி மாவைக் கரைத்து விட்டுக் கெட்டியாக்குவார்கள். அது தப்பில்லை, ஆனால் சுண்ட விட்ட குழம்புக்கும் மாவு கரைத்த குழம்புக்கும் நாக்கில் வித்தியாசம் தெரியும்.

வத்தலில் கசப்பு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது கடித்தபோது மட்டும் வர வேண்டும். குழம்பே கசந்தால் வெந்தயமோ வத்தலோ கருகியிருக்கிறது. அதனால் நல்ல வத்தக்குழம்புக்கு நான் சொல்வது: "வத்தலைக் கடிச்சாத்தான் கசப்பு, குழம்புல கசப்பே இறங்கலை." அடுப்படியில் நின்றவருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

சாதத்தையும் விடாதீர்கள். மாசியில் எங்கள் பக்கம் பல வீடுகளில் புது அரிசிதான். புது நெல்லை அரைத்த அரிசி தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும், பழைய கணக்கில் தண்ணீர் வைத்தால் கூழாகிவிடும். "புது அரிசியா? குழையவே இல்லையே" என்று கேட்டால் அன்றைக்கு உலை வைத்தவர் நிமிர்ந்து பார்ப்பார். பழைய அரிசி வாங்கிச் சமைக்கும் வீட்டில் இதைச் சொல்லி வைக்காதீர்கள்.

ரசத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?

ரசத்துக்கு ஒரே விஷயம்தான். பருப்புத் தண்ணீர் விட்டபிறகு நுரை கட்டி எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். டம்ளரில் கேட்டு வாங்கிக் குடியுங்கள். வேறு பேச்சே தேவையில்லை.

என்ன போட்டிருக்காங்கன்னு ஊகிச்சுச் சொன்னா கெட்டிக்காரத்தனமா இருக்குமே?

சரியாக இருந்தால்தான். நான் ஒரு தடவை வேறு ஒரு வீட்டில் கத்திரிக்காய்ப் பிட்லை சாப்பிட்டுவிட்டு, "தேங்காய் வறுத்து அரைச்ச வாசனை பிரமாதம்" என்று அடித்துவிட்டேன். அந்த வீட்டில் அன்றைக்குத் தேங்காய் தீர்ந்து போயிருந்தது. கடலைப்பருப்பும் தனியாவும் வறுத்து அரைத்துச் சமாளித்திருக்கிறார் அந்த அம்மா. "தேங்காயே போடலையே" என்று மெதுவாகச் சொன்னார். அதற்கப்புறம் நான் சொன்ன உண்மையான பாராட்டுகள்கூட அன்றைக்கு எடுபடவில்லை. இவள் சும்மா சொல்கிறாள் என்று ஆகிவிட்டது.

அதே மாதிரி, தட்டில் வைத்திருந்த முறுக்கை வானளாவப் புகழ்ந்து, அது கடையில் வாங்கியது என்று தெரிந்து விழித்திருக்கிறேன். காபியோடு வரும் பட்சணத்தை முதலில் புகழாமல் இருப்பது நல்லது.

வழி சுலபம். வாயில் தெரிந்ததைத் தீர்மானமாகச் சொல்லுங்கள், அதற்கான காரணத்தைக் கேள்வியாக விடுங்கள். "கடைசியில ஒரு வறுத்த வாசனை வருதே, அது என்ன?" என்று நான் கேட்டிருந்தால், அந்த அம்மா தேங்காய் இல்லாமல் சமாளித்த கதையையே பெருமையாகச் சொல்லியிருப்பார். நான் குறுக்கே விழுந்து அதைக் கெடுத்தேன்.

எப்போ சொல்றது? இலையில உக்காந்திருக்கும்போதா, எழுந்த பிறகா?

இலையில் இருக்கும்போது வாயைவிடக் கையால் சொல்வது நல்லது. பேர் சொல்லிக் கேளுங்கள்: "அந்த உசிலி இன்னும் கொஞ்சம்." பொதுவாகத் தலையாட்டி "போடுங்க" என்பதைவிட, எது வேண்டும் என்று சொல்லிக் கேட்பது கணக்கில் வரும். ஆனால் உள்ளே பாத்திரத்தின் அடி தெரிகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். சமைத்தவர் பெரும்பாலும் கடைசியில்தான் உட்காருவார். அவருக்கு இருந்த உசிலியையும் நீங்கள் பாராட்டித் தின்றுவிடக் கூடாது.

வார்த்தையாகச் சொல்லக் கை கழுவிவிட்டு வரும் நேரம்தான் பொருத்தம். பரிமாறும்போது அவர் காதில் அடுப்பு, குழந்தை, அடுத்து யாருக்கு மோர் என்று ஆயிரம் ஓடும். எல்லாரும் கூடத்தில் காற்றாட உட்கார்ந்தபிறகு, அடுக்களை வாசற்படியில் நின்று அவரிடம் மட்டும் சொல்லுங்கள். சபையில் கூவிச் சொன்னால் மற்றவர்களும் "ஆமாம் ஆமாம்" என்று சேர்ந்துகொள்வார்கள், நீங்கள் தனியாகக் கவனித்தது அந்தச் சத்தத்தில் கரைந்துவிடும்.

இலையைத் தன் பக்கம் மடிப்பது நிறைவுக்கு அடையாளம் என்று நினைத்து அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. அது வழக்கம், எல்லாரும் செய்வது. எந்தக் கறி நன்றாக இருந்தது என்று இலை சொல்லாது.

"எங்க அம்மா கையால சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்லலாமா?

சொல்லலாம், உண்மையாக இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது, அதனாலேயே அது சீக்கிரம் தேய்ந்துபோகும். சொன்னால் எது அப்படி இருந்தது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: "எங்கம்மாவும் வத்தக்குழம்புக்குத் தாளிச்சதுக்கு மேல கடைசியில ஒரு கரண்டி பச்சை நல்லெண்ணெய் விடுவா, அந்த வாசனை வந்துச்சு."

"ஓட்டல்ல சாப்பிட்ட மாதிரி" என்பதைச் சொல்லவே வேண்டாம். உங்கள் மனைவியோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது "நம்ம வீட்லயும் செய்றோமே" என்று இழுப்பதும் கூடாது. திரும்பிப் போகும் பஸ்ஸில் கும்பகோணம் வருவதற்குள் அதற்கான பலன் கிடைத்துவிடும்.

உப்பு தூக்கலா இருந்துச்சு. பொய் சொல்லவும் மனசு வரலை, சும்மா இருக்கவும் முடியலை.

வத்தக்குழம்பில் இது அடிக்கடி நடக்கும். சுண்டைக்காய் வத்தலை உப்புப் போட்ட மோரில் ஊறவைத்துத்தான் காயவைக்கிறார்கள். அந்த உப்பு குழம்பில் மெதுவாக இறங்கும். கொதிக்கும்போது சரியாக இருந்தது, இலைக்கு வரும்போது கரித்துவிடும். இதில் சமைத்தவரின் கவனக்குறைவு பாதிதான்.

குழம்பைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். நன்றாக இருந்த வேறு ஒன்றைச் சொல்லுங்கள், ஒன்றாவது இருக்கும். எதுவுமே சரியில்லை என்றால் செய்த வேலையைச் சொல்லுங்கள்: "இத்தனை வேலையை ஒண்டியா எத்தனை மணிக்கு எழுந்து செஞ்சே?" இது பொய் இல்லை.

அவரே முந்திக்கொண்டு, "இன்னைக்கு உப்பு ஒரு கல்லு கூடிடுச்சு, இல்ல?" என்று கேட்டால்தான் சிக்கல். "சேச்சே, இல்லவே இல்லை" என்று பதறாதீர்கள். அவரும் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நீங்கள் அதை மறுத்தால், முன்னால் உசிலியைப் பற்றிச் சொன்னதும் பொய்தானோ என்று நினைப்பார். "வத்தல்ல இருந்த உப்பு இறங்கியிருக்கும். சாதம் கொஞ்சம் கூடப் போட்டுப் பிசைஞ்சேன், சரியாப் போச்சு. உசிலிதான் எனக்குப் பிடிச்சுது." குறையை ஒப்புக்கொண்ட வாய் சொல்லும் பாராட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆனால் ஒன்று. நல்ல சமையலைச் செய்துவிட்டு "இன்னைக்கு ஒண்ணும் சரியா அமையலை" என்று சும்மா சொல்பவர்களும் நம் பக்கத்தில் நிறைய. அது அடக்கம். வித்தியாசம் எப்படித் தெரியும் என்றால், உண்மையிலேயே குறை தெரிந்தவர் எந்தப் பாத்திரத்தில் என்று சொல்வார். அடக்கத்துக்குச் சொல்பவர் பொதுவாகச் சொல்வார். பொதுவாகச் சொன்னால் நீங்கள் குறிப்பாக மறுக்கலாம்.

வீட்ல மாமியாரும் இருக்காங்க. யார் எதைச் செஞ்சாங்கன்னு தெரியாம மாட்டிக்கிட்டேன்.

புகழ்வதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். "உசிலி யார் கைவேலை?" என்று. அந்தக் கேள்வியே பாதிப் பாராட்டு. என் தோழி வீட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் அவள் மாமியார் போட்டது, அப்பளம் சுட்டது அவள் கணவர். ஊறுகாயைப் பற்றி அந்த அம்மாவிடமே, "நார்த்தங்காயில தோல் கசப்பே தெரியலையே அத்தை, எத்தனை நாள் வெயில்ல வச்சீங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லிமுடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டாள்.

மாமியார் எதிரில் மருமகளை மட்டும் தூக்கி வைத்துப் பேசிவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். அவள் அங்கேதான் இருக்கப் போகிறாள்.

ரொம்பப் புகழ்ந்தா கண்ணு பட்டுடும்னு எங்க பாட்டி சொல்லுவாங்க.

ஒரே ஒரு பதார்த்தத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால் யார் கண்ணும் படாது. வீடு, நகை, குழந்தை, சமையல் என்று வரிசையாக அடுக்கினால் பாட்டி சொன்னது சரிதான், உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள்.

விரால் மீன் குழம்பு சாப்பிட்டேன். அதுக்கு என்ன சொல்றது?

டெல்டாவில் விராலுக்கு வேலை முழுக்கக் கழுவுவதில்தான். மேலே வழவழப்பு ஒட்டியிருக்கும். கல் உப்பும் சாம்பலும் போட்டுச் சொரசொரப்பான தரையிலோ கல்லிலோ தேய்த்து, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். "கவுச்சியே இல்லை" என்று எல்லாரும் சொல்வார்கள், அதில் கொஞ்சம் "இருக்கும்னு நினைச்சேன்" என்ற தொனி ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைவிட, "குழம்பு இவ்வளவு தெளிவா இருக்கே, எத்தனை தண்ணி அலசினே?" என்று கேளுங்கள். துண்டு உடையாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மீனைப் போட்டபிறகு கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கியிருக்கிறார் என்று பொருள்.

செய்முறை கேட்டா பாராட்டின மாதிரி ஆகுமா?

முழுசையும் கேட்டால் அவருக்கு வேலை வைக்கிறீர்கள். அதுவும் பேனா எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு இடத்தைக் கேளுங்கள்: பருப்பை எவ்வளவு நேரம் ஊறவைத்தாய், வத்தலை முதலிலேயே பொரித்து எடுத்துவிட்டாயா, கடைசியில் போட்டாயா. கேட்டபடி வீட்டில் செய்துபார்த்து, எப்படி வந்தது என்று அடுத்த வாரம் போன் செய்தால் இன்னும் நல்லது. சரியாக வராவிட்டாலும் சொல்லுங்கள், அதில் அவருக்குச் சந்தோஷம் கொஞ்சம் கூடுதல்தான்.

மறுநாள் வாட்ஸ்அப்ல ஒரு நன்றி போட்டா போதுமா?

கைகூப்பின பொம்மையும் மூன்று பூவும் போட்டால், காலை வணக்கத்தோடு சேர்ந்து கீழே போய்விடும். வத்தக்குழம்பைத் தூக்கில் கொடுத்தனுப்பியிருந்தால் உங்களுக்குச் சொல்ல விஷயம் கையிலேயே இருக்கிறது. வத்தக்குழம்பு மறுநாள்தான் இன்னும் ஊறி நன்றாக இருக்கும். நான் அனுப்பியது: "காலைல பழைய சோத்துக்கு உன் குழம்பு. நேத்தைவிட இன்னைக்குப் புளிப்பு அடங்கி இருக்கு. அடியில ரெண்டு சுண்டைக்காய் இருந்துச்சு, அதுக்கு வீட்ல சண்டை."

தூக்கை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, அது உங்களுக்கே தெரியும். நான் கொல்லையில் காய்த்த நாலு எலுமிச்சம்பழம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது ஊறுகாய் ஜாடியில் அதைக் காட்டி, "உன் பழம்தான், பாரு, தோல் ரொம்பத் தடிமன்" என்றாள்.